பதினாறு கஜத்துக்குள் மட்டும்: ஹாக்கியின் கோல் வட்டம் எழுப்பும் கேள்வி

ஹாக்கியில் ஒரு வீரர் 23 மீட்டர் கோட்டுக்கு அருகிலிருந்து பந்தை ஓங்கி அடிக்கிறார். பந்து யார் மீதும் படாமல், கோல்கீப்பரையும் ஏமாற்றிவிட்டுக் கோலின் பின்பலகையில் மோதி நிற்கிறது. கால்பந்தில் அது ஆண்டு முழுவதும் பேசப்படும் கோலாக இருந்திருக்கும். ஐஸ் ஹாக்கியிலும் கோல்தான். இங்கே நடுவர் கோல் தர மாட்டார். பந்து எதிரணியிடம் போகும். கோலைச் சுற்றி வரைந்த வளைகோட்டுக்குள் தாக்கும் அணியின் மட்டை பந்தைத் தொடவில்லை என்பதே காரணம்.

இந்த விதிக்கு நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வயதாகிறது. மைதானத்தின் தரை புல்லிலிருந்து செயற்கை இழைக்கு மாறியது. மர மட்டை போய்க் கார்பன் இழை மட்டை வந்தது. ஆஃப்சைடு விதி அடியோடு நீங்கியது. ஆனால் வட்டத்துக்குள்ளிருந்து அடித்தால்தான் கோல் என்ற விதி மட்டும் அசையவில்லை. ஏன் இப்படி என்று கேட்டால் பயிற்சியாளர் ஒரு காரணம் சொல்வார், நடுவர் வேறொன்று சொல்வார், வரலாறு எழுதுபவர் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார். அந்தப் பதில்கள் எங்கிருந்து வந்தன, எந்த அளவுக்குத் தாங்கும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

விதி உண்மையில் சொல்வது

விளக்கங்களைப் பற்றிய குழப்பத்தில் பாதி, விதியைத் தவறாக நினைவில் வைத்திருப்பதால் வருவது. 'வட்டத்துக்கு வெளியே இருந்து அடித்தால் கோல் இல்லை' என்றுதான் பலரும் சொல்வார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. தாக்கும் அணியின் வீரர் ஒருவர் வட்டத்துக்குள் பந்தை மட்டையால் ஆடியிருக்க வேண்டும், அதன்பின் பந்து வட்டத்தைவிட்டு வெளியேறாமல் கோல் கோட்டை முழுமையாகக் கடக்க வேண்டும். விதி கேட்பது இவ்வளவுதான். பந்து எங்கிருந்து புறப்பட்டது என்பது கணக்கில் இல்லை. நடுமைதானத்திலிருந்து ஒருவர் அடித்த பந்தை வட்டத்துக்குள் நிற்கும் சக வீரர் மட்டை நுனியால் லேசாகத் திருப்பிவிட்டால்கூடக் கோல்தான். ஆடுவது என்ற சொல்லில் பந்தை நிறுத்துவது, திசை திருப்புவது, நகர்த்துவது எல்லாமே அடங்கும்.

கோடும் வட்டத்தின் பகுதியே. பந்தின் ஓரம் கோட்டின்மேல் இருக்கும்போது அடித்தாலும் அது உள்ளே அடித்ததாகத்தான் கொள்ளப்படும். தடுப்பாளரின் மட்டையிலோ காலிலோ பட்டுப் பந்து உள்ளே போவது இந்த நிபந்தனையை நிறைவேற்றாது. தாக்கும் அணி உள்ளே தொட்டபின் தடுப்பாளர் மீது பட்டுப் போனால் கோல் உண்டு. தாக்கும் அணி தொடாமலே தடுப்பாளர் மீது மட்டும் பட்டுப் போனால் கோல் இல்லை. யார் மீதும் படாமல் வெளியிலிருந்து உள்ளே போன பந்தைத் தடுக்கும் அணி பின்கோட்டிலிருந்து 15 மீட்டர் வரை முன்னே கொண்டுவந்து ஆடத் தொடங்கும். பழைய ஆட்டக்காரர்கள் இன்றும் அதைப் 'பதினாறு கஜ அடி' என்றுதான் சொல்கிறார்கள்.

அந்தப் பதினாறு கஜம்தான் வட்டத்தின் அளவும். வட்டம் என்று சொன்னாலும் அது முழு வட்டமல்ல. ஒவ்வொரு கோல்கம்பத்தையும் மையமாக வைத்து 14.63 மீட்டர் ஆரத்தில் ஒரு கால்வட்டம் வரைவார்கள். இரண்டு கால்வட்டங்களையும் கோலின் அகலமான 3.66 மீட்டர் நீளமுள்ள நேர்கோடு இணைக்கும். பார்வைக்கு ஆங்கில எழுத்து 'டி' போல இருப்பதால் மைதானத்தில் அதற்கு 'டி' என்றே பெயர். இதன் பரப்பு ஏறத்தாழ 390 சதுர மீட்டர். மைதானம் முழுவதும் ஐயாயிரத்துச் சொச்சம் சதுர மீட்டர். ஒரு அணி கோல் அடிக்கக்கூடிய இடம் மைதானத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் குறைவு.

கிரிக்கெட்காரர்கள் கொண்டுவந்த கோடு

வரலாற்று விளக்கம் லண்டனின் இரண்டு கிளப்புகளிலிருந்து தொடங்குகிறது. தென்கிழக்கில் இருந்த பிளாக்ஹீத் கிளப் ஆடிய ஹாக்கியில் பந்தே உருண்டையாக இல்லை. கனமான ரப்பர் கட்டியை வைத்து, மிகப் பெரிய திடலில், ரக்பியின் சாயலில் முரட்டுத்தனமாக ஆடினார்கள். தென்மேற்கில் இருந்த தெடிங்டன் கிளப்பை 1870-களின் தொடக்கத்தில் அமைத்தவர்கள் கிரிக்கெட்காரர்கள். குளிர்காலத்தில் ஆட ஒரு விளையாட்டு வேண்டும் என்று தேடியவர்கள் அவர்கள். ரப்பர் கட்டியை விட்டு உருண்டைப் பந்துக்கு மாறினார்கள். மட்டையைத் தோளுக்கு மேல் உயர்த்தக்கூடாது என்றார்கள். கோல் அடிக்கும் வட்டத்தையும் அவர்களே கொண்டுவந்ததாகச் சர்வதேச ஹாக்கி சம்மேளனத்தின் வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. 1886-ல் லண்டனில் ஹாக்கி அசோசியேஷன் அமைந்தபோது வட்டம் அதன் விதிகளில் இடம்பெற்றது. தொடக்க கால அளவு 15 கஜம். பின்னாளில் ஒரு கஜம் கூடியது.

இன்றைய ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். கிரிக்கெட் பந்தின் எடையும் அதுவே. வளைந்த மட்டை, வழவழப்பான தரை, கிரிக்கெட் பந்தின் எடையுள்ள கெட்டியான பந்து ஆகிய மூன்றும் சேர்ந்தால் பந்து வெகுதூரம், வெகுவேகமாகப் போகும். பிளாக்ஹீத்தின் ரப்பர் கட்டி கரடுமுரடான தரையில் அப்படிப் போயிருக்காது. ஆகவே உருண்டைப் பந்தும் வட்டமும் ஒரே கிளப்பிலிருந்து வந்தது தற்செயல் அல்ல என்று கருத இடமுண்டு. பந்து வேகமானதால் தூரத்தைக் கட்டுப்படுத்த வேண்டிய தேவை வந்தது என்பதே இந்த விளக்கத்தின் சாரம்.

இது நம்பத்தக்க விளக்கம். ஆனால் விதி எப்படி வந்தது என்பதை மட்டுமே இது சொல்கிறது. எந்த நோக்கத்துக்காக அந்தக் கட்டுப்பாடு வேண்டியிருந்தது என்ற கேள்விக்கு இதில் விடை இல்லை. பந்தை அடித்துவிட்டு ஓடும் ஆட்டத்தை ஒழித்து, பந்தை உருட்டிச் செல்லும் திறமைக்கும் சக வீரருக்குத் தள்ளிக் கொடுக்கும் திறமைக்கும் இடம் தருவதுதான் நோக்கமா? அல்லது எதிரில் நிற்பவரின் முழங்காலைக் காப்பாற்றுவதா? அந்த விதியை வகுத்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றியிருக்கலாம். பிரித்துப் பார்க்கும் பழக்கம் பின்னால் வந்தவர்களுடையது.

பாதுகாப்பு என்ற பதில்

இன்று அதிகம் கேட்கும் பதில் பாதுகாப்பு. கெட்டியான பந்து, நீளமான மட்டை வீச்சு, தலைக்கவசம் இல்லாத வீரர்கள். எங்கிருந்து அடித்தாலும் கோல் உண்டென்றால் எல்லோரும் எங்கிருந்தும் ஓங்கி அடிப்பார்கள், அடிபடுபவர்கள் பெருகுவார்கள் என்பது வாதம்.

இந்த வாதத்தை அப்படியே ஏற்பதில் முதல் சிக்கல், தூரம் குறையும்போது ஆபத்து கூடுகிறது என்பது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, தரை உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால், நொடிக்கு ஏறத்தாழ 27.8 மீட்டர் போகும். வட்டத்தின் விளிம்பிலிருந்து கோலை அடைய அதற்கு அரை நொடி போதும். 23 மீட்டர் கோட்டிலிருந்து அடித்தால் முக்கால் நொடிக்குச் சற்று மேல் ஆகும். தூரத்திலிருந்து வரும் அடியைப் பார்த்து விலகவும் தடுக்கவும் அதிக நேரம் கிடைக்கிறது. கோல்கீப்பருக்கோ தடுப்பாளருக்கோ இரக்கம் காட்டுவதே விதியின் நோக்கம் என்றால், அருகில் நின்று அடிப்பதையல்லவா தடை செய்திருக்க வேண்டும்? ஹேண்ட்பால் விளையாட்டில் நிலைமை அப்படித்தான். கோலைச் சுற்றி 6 மீட்டரில் ஒரு கோடு உண்டு, எறிபவர் அந்தக் கோட்டுக்குள் கால் வைக்கக்கூடாது. ஹாக்கி இதற்கு நேர் எதிர்த் திசையில் போயிருக்கிறது.

இரண்டாவது சிக்கலை உள்ளரங்க ஹாக்கி காட்டுகிறது. அங்கே மட்டையை வீசிப் பந்தை அடிக்கவே அனுமதி இல்லை. தள்ளலாம், இழுத்து வீசலாம், திருப்பலாம். ஓங்கி அடிப்பதால் வரும் ஆபத்து என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. இருந்தும் 9 மீட்டர் ஆரத்தில் அதே வடிவ வட்டம் அங்கே இருக்கிறது, அதற்குள் ஆடினால்தான் கோல். பாதுகாப்பு ஒன்றே காரணமாக இருந்திருந்தால், அடியைத் தடை செய்த ஆட்டத்தில் வட்டத்தின் தேவை தளர்ந்திருக்க வேண்டும்.

ஆனாலும் பாதுகாப்பு வாதத்தைத் தள்ளிவிட முடியாது. அதை வேறு விதமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்படிச் சொல்ல உதவுவது இன்னொரு விதி.

பந்தை உயர்த்தும் உரிமை

ஹாக்கியில் ஓங்கி அடிக்கும் பந்தை வேண்டுமென்றே தரையிலிருந்து உயர்த்தக்கூடாது. இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. கோலை நோக்கி அடிக்கும் அடியாக இருந்தால் உயர்த்தலாம். கோலை நோக்கிய அடி என்ற ஒன்று எங்கே சாத்தியம்? வட்டத்துக்குள் மட்டும். உள்ளரங்க ஹாக்கியில் இது இன்னும் கறாராக இருக்கிறது. வட்டத்துக்குள் கோலை நோக்கி ஆடும்போது தவிர எந்த விதத்திலும் பந்தை உயர்த்தக்கூடாது.

ஆகவே வட்டம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. கோல் எங்கிருந்து செல்லும் என்று சொல்வதோடு, அடித்த பந்து எங்கே தரையைவிட்டு எழலாம் என்றும் அது வரையறுக்கிறது. இந்த இரண்டாவது வேலையை விளக்கங்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது. வட்டம் ஆபத்தை நீக்குவதில்லை. ஆபத்து எங்கே நிகழலாம் என்பதற்கு எல்லை போடுகிறது. அந்த எல்லைக்குள் நிற்பவர்கள் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்பதை அறிந்தே நிற்கிறார்கள். கோல்கீப்பர் தலை முதல் கால் வரை கவசம் அணிந்திருக்கிறார். பெனால்டி கார்னரின்போது தடுப்பாளர்கள் முகக்கவசம் போட்டுக்கொள்கிறார்கள். நடுவரின் கண்ணும் அந்த ஒரு இடத்தில்தான் குவிந்திருக்கும்.

வட்டத்தை நீக்கினால் என்ன ஆகும் என்று பார்த்தால் இது தெளிவாகும். எந்த இடத்திலிருந்தும் கோல் அடிக்கலாம் என்றால் எந்த அடியும் 'கோலை நோக்கிய அடி' ஆகிவிடும். நடுக்கோட்டிலிருந்து இடுப்பு உயரத்துக்கு எழுப்பி அடித்தவரும் கோலுக்குத்தான் குறிவைத்தேன் என்று சொல்லலாம். அதை மறுக்க நடுவரிடம் எந்த அளவுகோலும் இருக்காது. உயர்த்தி அடிப்பதற்கான தடை அன்றே உயிரிழந்துவிடும். அல்லது கோலை நோக்கிக்கூட உயர்த்தக்கூடாது என்று புதுத் தடை போட வேண்டியிருக்கும். அப்போது 2.14 மீட்டர் உயரக் கோலில் கீழ்ப்பகுதிக்கு மட்டுமே வேலை இருக்கும்.

வட்டத்தின் வடிவம் சொல்வது

கோல் அடிக்கத் தகுந்த கோணத்தை உறுதிசெய்வதே வட்டத்தின் நோக்கம் என்றும் சிலர் விளக்குவதுண்டு. வாய்ப்பு நியாயமாக இருக்கும் இடத்திலிருந்து மட்டும் கோலை அனுமதிக்கிறார்கள் என்பது அதன் பொருள். இதைக் கணக்குப் போட்டே சோதித்துவிடலாம்.

வட்டத்தின் உச்சியில், கோலுக்கு நேர் எதிரே, 14.63 மீட்டரில் நிற்பவருக்கு இரு கம்பங்களுக்கும் நடுவே ஏறத்தாழ 14 டிகிரி கோணம் தெரியும். அதே கோணம் தெரியும் எல்லா இடங்களையும் இணைத்தால் என்ன வடிவம் கிடைக்கும்? வட்டத்தின் மேலிருந்து ஒரே நாணைப் பார்க்கும் கோணங்கள் நாணின் ஒரே பக்கத்தில் சமம் என்று பள்ளியில் படித்த தேற்றம் விடை தருகிறது. இரு கம்பங்கள் வழியாகவும் உச்சி வழியாகவும் போகும் ஒரு வட்டம் கிடைக்கும். அதன் ஆரம் சுமார் 7.4 மீட்டர்தான். அதன் மொத்த அகலம் 15 மீட்டரைத் தொடாது. ஆனால் உண்மையான 'டி' பின்கோட்டில் 33 மீட்டர் அகலம் இருக்கிறது. அதன் இரு ஓரங்களிலும், பின்கோட்டை ஒட்டி நிற்பவருக்குக் கோலின் வாய் கண்ணுக்கே தெரியாது. அங்கிருந்து நேராகக் கோல் அடிப்பது நடவாத காரியம். இருந்தும் விதி அதை அனுமதிக்கிறது.

கோணத்தை மனதில் வைத்து இந்தக் கோடு வரையப்படவில்லை என்று இதிலிருந்து ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். கம்பத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பது ஒன்றே அளவுகோல். ஒரு கயிற்றைக் கம்பத்தில் கட்டி இழுத்துச் சுண்ணாம்புக் கோடு போடும் எளிமையும் இதில் இருக்கிறது. ஆட்டத்தில் இதன் விளைவு பெரிது. ஓரங்களில் கோணம் இல்லாததால் பக்கவாட்டில் உள்ளே நுழைந்தவர் பின்கோட்டை ஒட்டி ஓடி, பந்தைக் கோலின் வாய்க்குக் குறுக்கே தள்ளுவதே பயனுள்ள வழி. ஹாக்கியில் கோல்வாயில் மட்டையை நீட்டிப் பந்தைத் திருப்பிவிடும் கோல்கள் இத்தனை வருவதற்கு இந்த அகன்ற வடிவமும் ஒரு காரணம்.

2013: ஒரு குறுகிய சோதனை

நீண்ட காலமாக ஊகமாகவே இருந்த ஒன்றை 2013 தொடக்கத்தில் சர்வதேச சம்மேளனமே களத்தில் சோதித்துப் பார்த்தது. விதியில் செய்த மாற்றம் சிறியது. வெளியிலிருந்து வரும் பந்து வட்டத்துக்குள் தடுப்பாளரின் மட்டையிலோ உடலிலோ பட்டுக் கோலுக்குள் போனால், கால்பந்தில் உள்ளதுபோல் அதைச் சொந்தக் கோலாகக் கொள்ளலாம் என்றார்கள். தாக்கும் அணி உள்ளே தொட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை மற்றபடி அப்படியே இருந்தது. மாற்றம் சில வாரங்களில் திரும்பப் பெறப்பட்டது. பந்தைக் கூட்டத்துக்குள் ஓங்கி அடிக்கத் தூண்டும், தடுப்பாளர்களுக்கு ஆபத்து என்ற எதிர்ப்பே அதற்கு முக்கியக் காரணம்.

இந்தச் சிறிய மாற்றம் ஏன் இவ்வளவு கவலையைக் கிளப்பியது? வழக்கமான விதியின்படி வட்டத்துக்கு வெளியே நிற்பவருக்குப் பந்தை ஓங்கி அடிப்பதில் கிடைக்கும் ஆதாயம் அற்பம். உள்ளே தன் ஆள் மட்டையை வைத்தால்தான் பலன் உண்டு. ஆகவே அடி தன் ஆளுக்கு எட்டும்படி, அவர் கட்டுப்படுத்தும்படி இருக்க வேண்டும். சொந்தக் கோல் செல்லும் என்றாகிவிட்டால் குறியே மாறுகிறது. தடுப்பாளரின் கால்களை நோக்கி முடிந்த அளவு வேகமாக அடிப்பதே லாபம். தடுப்பாளருக்கோ பந்தைத் தடுப்பதே தண்டனையாக முடியலாம். விலகி நின்றால் கோல் இல்லை, மட்டையை நீட்டித் தவறினால் கோல்.

ஆஃப்சைடு நீங்கியதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1990-களின் நடுவில் சோதனையாக எடுக்கப்பட்டு, 1998-ல் அது நிரந்தரமாகப் போனது. அதன்பின் தாக்கும் வீரர்கள் கோல்கீப்பரின் முகத்துக்கு எதிரிலேயே நிற்கலாம். கோலின் முன்னால் இரு அணி ஆட்களும் நெருங்கி நிற்கும் கூட்டம் சாதாரணமாகிவிட்டது. அந்தக் கூட்டத்துக்குள் தூரத்திலிருந்து வரும் அடியைக் கோல்கீப்பர் பார்க்கவே முடியாமல் போகலாம். முன்னால் சொன்ன முக்கால் நொடிக் கணக்கு அங்கே பொருந்தாது. பந்து கண்ணில் படும் கணத்திலிருந்துதான் அவருடைய நேரம் தொடங்குகிறது. தூரத்து அடி ஆபத்தற்றது என்ற மறுப்பு திறந்த வெளிக்குப் பொருந்தும், ஆட்கள் நிறைந்த வட்டத்துக்குப் பொருந்தாது.

இருந்தாலும் 2013-ஐ முடிவான ஆதாரமாக நான் கொள்ளமாட்டேன். சில வார ஆட்டங்களில் வீரர்கள் புது விதிக்கேற்ப உத்திகளை உருவாக்கியிருக்க முடியாது. திரும்பப் பெறக் காரணமானது பெரும்பாலும் அச்சம். காயங்களின் எண்ணிக்கையை வைத்து எடுத்த முடிவு என்று சொல்ல முடியாது. அந்த அச்சத்துக்குத் தர்க்கம் இருக்கிறது, அளவீடு இல்லை.

வட்டத்தின் மேல் கட்டிய வீடு

இன்னொரு தரப்பு, நோக்கத்தைத் தேடுவதையே விட்டுவிடச் சொல்கிறது. தொடக்கத்தில் எக்காரணத்துக்காக வந்திருந்தாலும், இன்று வட்டத்தை எடுக்க முடியாது, ஏனென்றால் மற்ற விதிகள் எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன என்பது இவர்கள் வாதம். இதற்குப் பெனால்டி கார்னரைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது.

வட்டத்துக்குள் தடுப்பாளர் செய்யும் சாதாரணத் தவறுக்குக் கிடைப்பது பெனால்டி கார்னர். பந்தைப் பின்கோட்டில், கோல்கம்பத்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி வைப்பார்கள். கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் வரை பின்கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். தடுக்கும் அணியின் மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் இருக்க வேண்டும். பந்தை எடுத்துக் கொடுப்பவர் வட்டத்தின் உச்சியை நோக்கித் தள்ளுவார். பந்து வட்டத்தைவிட்டு வெளியே போய் வந்தபின்தான் கோல் அடிக்க முடியும். வெளியே போகாவிட்டால் கோல் இல்லை, உள்ளே ஆடாவிட்டாலும் கோல் இல்லை. இந்த இரண்டு நிபந்தனைகளுக்கும் நடுவில் இருப்பது ஒரு சுண்ணாம்புக் கோட்டின் அகலம்தான்.

அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் டிராக் ஃபிளிக். ஒருவர் கோட்டுக்குச் சற்று வெளியே பந்தை நிறுத்துகிறார். ஃபிளிக் அடிப்பவர் ஓடிவந்து குனிந்து, மட்டையின் வளைவில் பந்தை ஏந்தி, தரையை ஒட்டி இழுத்துக்கொண்டே கோட்டைத் தாண்டி உள்ளே வந்து வீசிவிடுகிறார். இழுக்கும் அந்தத் தூரத்தில்தான் பந்து வேகம் பெறுகிறது. பெனால்டி கார்னரில் முதல் அடி ஓங்கி அடித்ததாக இருந்தால் பின்பலகையின் உயரமான 460 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஃபிளிக்குக்கு அந்த உச்சவரம்பு இல்லை. ஆகவே கோலின் மேல் மூலைகள் அதற்குத் திறந்திருக்கின்றன. பாகிஸ்தானின் சோஹைல் அப்பாஸும் இந்தியாவின் ஹர்மன்பிரீத் சிங்கும் பெயர் பெற்றது இந்தக் கலையால். பந்தை வெளியே எடுத்து உள்ளே கொண்டுவர வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதிருந்தால் இந்த அசைவு இந்த வடிவத்தில் வளர்ந்திருக்குமா என்பது சந்தேகமே.

வட்டத்தால் மாறிய இன்னொன்று, கோல் வராத நேரத்து ஆட்டம். உள்ளே நுழைந்த வீரருக்கு அடிக்க வழி இல்லையென்றால் பந்தைத் தடுப்பாளரின் காலில் படும்படி தள்ளுகிறார். காலில் பட்டால் தவறு, தவறென்றால் பெனால்டி கார்னர். கோட்டுக்கு ஒரு அடி வெளியே அதே தவறு நடந்தால், வேண்டுமென்றே செய்ததாக இல்லாதவரை, வெறும் ஃப்ரீ ஹிட்தான். ஆட்டத்தை ஆராய்பவர்கள் ஒவ்வொரு அணியும் எத்தனை முறை வட்டத்துக்குள் நுழைந்தது என்று தனியாக எண்ணிக்கொள்வது இதனால்தான். ஹாக்கியில் நுழைவதே பாதி வெற்றி.

இந்தத் தரப்பின் பலவீனம், இது எந்த விதிக்கும் பொருந்திவிடும் என்பது. ஆஃப்சைடைச் சுற்றியும் ஒரு காலத்தில் முழு ஆட்டமும் கட்டப்பட்டிருந்தது. மூன்று தடுப்பாளர் என்ற கணக்கு 1972-ல் இரண்டாகக் குறைந்தது, பின்னர் ஆஃப்சைடு செல்லும் பகுதி சுருங்கியது, கடைசியில் விதியே போனது. ஆட்டம் இடிந்துவிடவில்லை. பழகிவிட்டது என்பது ஒரு விதி நிலைத்திருப்பதை விளக்கும், அது நல்லதா என்று சொல்லாது.

வட்டம் இல்லாத ஹாக்கி

வட்டத்தை எடுத்துவிட்டு ஆடும் ஹாக்கியும் இருக்கிறது. அணிக்கு ஐந்து பேர் ஆடும் ஹாக்கி ஃபைவ்ஸ், 2014-ல் நாஞ்சிங் இளையோர் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. 2024 ஜனவரியில் அதன் முதல் உலகக் கோப்பை ஓமனின் மஸ்கட்டில் நடந்தது. பெண்கள் பிரிவின் இறுதிக்கு இந்தியா வந்து நெதர்லாந்திடம் தோற்றது. இந்த ஆட்டத்தில் எங்கிருந்தும் கோல் அடிக்கலாம் என்பதையே அதன் கவர்ச்சியாக முன்வைத்தார்கள்.

வட்டம் தேவையில்லை என்போருக்கு இது பெரிய ஆதாரமாகத் தோன்றலாம். ஆனால் அங்கே மைதானம் பெரிய ஹாக்கித் திடலில் பாதிக்கும் குறைவு. கோலின் முன் நிற்க ஆட்களே இல்லை. சுற்றிலும் பலகை அடைத்திருப்பதால் பந்து வெளியே போவதும் அரிது. பதினொருவர் ஆட்டத்தில் வட்டம் எந்தக் கூட்டத்தைக் கட்டுப்படுத்துகிறதோ அந்தக் கூட்டமே அங்கு இல்லை. எங்கிருந்தும் கோல் என்றபோது ஆட்டத்தின் சுவை எப்படி மாறுகிறது என்பதை ஹாக்கி ஃபைவ்ஸ் காட்டுகிறது. பந்தைக் கொண்டுபோய் நல்ல இடத்தில் நிற்கும் ஆளைத் தேடும் பொறுமை குறைகிறது, வாய்ப்புக் கிடைத்ததும் அடித்துவிடும் பழக்கம் கூடுகிறது. அது இனிமையா இல்லையா என்பது பார்ப்பவரைப் பொறுத்தது. 22 பேர் ஆடும் திடலில் வட்டத்தை எடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதிலிருந்து விடை கிடைக்காது.

தீராமல் இருப்பவை

மேலே பார்த்த விளக்கங்களில் கோணம் பற்றியது வடிவக் கணக்கிலேயே விழுந்துவிடுகிறது. வரலாற்று விளக்கம் பிறப்பைச் சொல்லி நிற்கிறது. பழக்கம் என்ற விளக்கம் உண்மைதான் என்றாலும் போதாது. பாதுகாப்பு விளக்கம் வழக்கமாகச் சொல்லப்படும் வடிவில் நிற்கவில்லை. ஆனால் ஓங்கி அடிப்பதாலும் உயர்த்தி அடிப்பதாலும் கிடைக்கும் லாபத்தை ஓரிடத்துக்குள் அடைத்துவைக்கும் ஏற்பாடு என்று அதைத் திருத்திச் சொன்னால், இருப்பவற்றில் அதுவே வலுவானது. உள்ளரங்க ஹாக்கியில் வட்டம் ஏன் இருக்கிறது, ஆஃப்சைடு போனபின் வட்டத்தின் தேவை ஏன் கூடியது, 2013-ன் சிறு மாற்றம் ஏன் அத்தனை பேரைக் கலங்கவைத்தது ஆகிய மூன்றுக்கும் அது ஒன்றே பதில் சொல்கிறது.

தீராமல் இருப்பது அளவு பற்றிய கேள்வி. 15 கஜமும் 16 கஜமும் மர மட்டையும் புல்தரையும் இருந்த காலத்தில் முடிவானவை. இன்றைய கார்பன் மட்டையின் வளைவு 25 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று கட்டுப்படுத்தியும், நீர் தெளித்த செயற்கைத் தரையில் பந்து அன்றைவிட வெகு வேகமாகப் போகிறது. இந்த வேகத்துக்கு அதே தூரம் போதுமா, கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா என்பதை இதுவரை நாம் பார்த்த எந்த வாதமும் தீர்க்கவில்லை. தடுப்பாளர் மீது பட்ட பந்தைக் கோலாகக் கொள்வதையும் ஒரு முழுப் பருவத்துக்குக் காயக் கணக்கோடு சோதித்துப் பார்த்தால்தான் அச்சம் சரியா என்பது தெரியும். மைதானம் கஜத்திலிருந்து மீட்டருக்கு மாறியபோது 25 கஜக் கோடு 23 மீட்டர் கோடு என்று முழு எண்ணில் பெயர் பெற்றது. வட்டத்தின் ஆரம் மட்டும் இன்றும் விதிப்புத்தகத்தில் 14.63 மீட்டர் என்று, பழைய பதினாறு கஜத்தை அப்படியே வைத்துக்கொண்டு அச்சாகிறது.